நெஞ்சு வலி போன பிறகும் மாத்திரை எதற்கு?

"என் தம்பிக்கு 26 வயது, எடை 58 கிலோ, தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வேலை. தடிமல் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் நெஞ்சு வலி. ஈசிஜி பார்த்துவிட்டு முதலில் அட்டாக் மாதிரி இருக்கிறது என்றார்கள், பிறகு பெரிகார்டைட்டிஸ் என்று சொல்லி ஐபுபுரோஃபனும் கொல்ச்சிசினும் தந்து ஐந்தாம் நாள் துண்டு வெட்டிவிட்டார்கள். இப்போது வலியே இல்லை. ஆனால் கொல்ச்சிசின் மூன்று மாதம் குடிக்க வேண்டுமாம். வலி இல்லாதவன் எதற்குக் குடிக்க வேண்டும்? உண்மையில் அட்டாக் இல்லைதானா?"

மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று முதலில் உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். நான் மலையகத்தில் மருத்துவ வார்டில் பல வருடம் வேலை செய்தவன். இந்த நோயில் ஆட்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது நீங்கள் கேட்ட அதே இடத்தில்தான். நாலு நாளில் வலி போய்விடும், ஐந்தாம் நாள் மாத்திரைப் பை அலமாரிக்குப் போய்விடும்.

இதயத்தைச் சுற்றி இரண்டு படலம் கொண்ட ஒரு உறை இருக்கிறது. படலங்களுக்கு நடுவில் சாதாரணமாகவே 15 முதல் 50 மில்லிலீட்டர் வரை திரவம் இருக்கும், இதயம் துடிக்கும்போது உராயாமல் வழுக்கிப் போவதற்காக. அந்த உறையில் அழற்சி வந்தால் அதுதான் பெரிகார்டைட்டிஸ். தம்பியைப் போன்ற இளம் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். எந்த வைரஸ் என்று தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள், கண்டுபிடித்தாலும் மருந்து மாறப்போவதில்லை. மாரடைப்பு என்பது வேறு கதை. அதில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. இதில் குழாய்க்கு ஒன்றும் இல்லை, வெளியில் இருக்கும் உறைதான் புண்பட்டிருக்கிறது.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி நோயை வலியே சொல்லிவிடும். எங்கள் வார்டுக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34, எடை 64 கிலோ, கொழுந்து சாக்கைத் தோளில் தூக்கி லொறியில் ஏற்றும் வேலை. இடது பக்கம் கழுத்தும் தோளும் சேரும் மேட்டில் வலி, நெஞ்சின் நடுவிலும் வலி. சாக்குத் தூக்கிய பிடிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும்தான். இரண்டு நாள் சித்தாலேப பூசிப் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கவே முடியவில்லை. மல்லாந்தால் கத்தி குத்துகிற மாதிரி, எழுந்து உட்கார்ந்தால் பரவாயில்லை, மூச்சை இழுத்தால் திரும்பவும் குத்தல். லயத்துக் காம்பிராவில் சுவரோரமாக உட்கார்ந்து, முழங்கால் மேல் தலகாணியை வைத்து அதில் கையை ஊன்றிக் குனிந்தபடியே விடியும்வரை இருந்ததாக அவர் மனைவி சொன்னார். அந்தத் தலகாணிக் கதையைக் கேட்ட உடனேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

மல்லாந்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும் வலி என்பது இந்த நோயின் முக்கியமான அடையாளம். குனியும்போது வீங்கிய உறையின் மேல் விழும் அழுத்தமும் இழுவையும் குறைகிறது. மூச்சு இழுத்தாலும், இருமினாலும், சிலருக்கு எச்சில் விழுங்கினாலும்கூடக் குத்தும். தோள் மேட்டு வலிக்கும் காரணம் உண்டு. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி இந்த உறையை ஒட்டித்தான் போகிறது, அதனால் உறையில் எரிச்சல் வந்தால் மூளை அதைத் தோளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. தசைப்பிடிப்பா இதுவா என்று பார்க்க ஒரு எளிய வழி, அந்த இடத்தை விரலால் அழுத்துவது. பிடிப்பு என்றால் "ஐயோ அங்கேதான்" என்பார்கள், கையைத் தூக்கித் திருப்பினால் கூடும். இந்த ஆளுக்கு அழுத்தினாலும் ஒன்றுமில்லை, கையைச் சுழற்றினாலும் ஒன்றுமில்லை, கட்டிலைத் தாழ்த்திப் படுக்க வைத்தால் மட்டும் முகம் சுருங்கியது.

மாரடைப்பு வலி பெரும்பாலும் குத்தாது. பாறாங்கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி அமுக்கும், இடது கைக்கோ தாடைக்கோ இறங்கும், வியர்க்கும், எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் மூச்சைப் பிடித்தாலும் விட்டாலும் மாறாது. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே யாரும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவருக்கும் வயதானவருக்கும் மாரடைப்பு எந்த வேஷத்திலும் வரும். நெஞ்சு வலி என்றால் 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுப்பதுதான், வேறு பேச்சில்லை.

ஸ்டெதஸ்கோப்பிலும் ஒரு தடயம் கிடைக்கும். நெஞ்செலும்பின் இடது கீழ் ஓரத்தில், ஆளைக் குனிய வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்டால் ஒரு உராய்வுச் சத்தம் வரும். காய்ந்த தேயிலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. காலையில் கேட்கும், மத்தியானம் காணாமல் போகும், ஆகவே கேட்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது. மூச்சை நிறுத்திய பிறகும் சத்தம் தொடர்ந்தால் அது இதய உறையின் சத்தம், நின்றுபோனால் நுரையீரல் உறையின் சத்தம்.

சரி, ஈசிஜிக்கு வருவோம். உங்கள் தம்பியை முதலில் அட்டாக் என்று சொன்னதற்குக் காரணம் அந்தத் தாளில் எஸ்டி பகுதி, அதாவது பெரிய கூர்முனைக்கும் அதற்குப் பின்னால் வரும் டி அலை என்ற மேட்டுக்கும் நடுவிலுள்ள கோடு, உயர்ந்திருந்ததுதான், இரண்டு நோயிலும் அது உயரும். வித்தியாசம் அது எங்கே உயர்கிறது, எந்த வடிவத்தில் உயர்கிறது என்பதில் இருக்கிறது. ஈசிஜியில் லீட் என்பது இதயத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் பதிவு. குழாய் அடைபட்டால் அந்தக் குழாய் பாயும் பகுதியைப் பார்க்கும் லீடுகளில் மட்டும் உயரும், எதிர்ப்பக்கம் பார்க்கும் லீடுகளில் தாழும். உறை இதயத்தையே சுற்றியிருப்பதால் அதன் அழற்சியில் ஏறக்குறைய எல்லா லீடுகளிலும் உயரும், ஏவிஆர், வி1 என்ற இரண்டு லீடுகளில் மட்டும் தாழ்ந்திருக்கும். மாரடைப்பில் எஸ்டி பகுதி முதுகு வளைந்த மாதிரி மேல்நோக்கிப் புடைத்திருப்பது வழக்கம். இதில் தூளிச் சேலை தொங்குவது போல் நடுவில் குழிந்து, அப்படியே ஏறி டி அலையில் சேரும்.

மூன்றாவது ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய கூர்முனைக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டையான துண்டு இருக்கும், பிஆர் பகுதி. இந்த நோயில் அது தளமட்டத்தை விடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், ஏவிஆரில் மட்டும் மேலே ஏறியிருக்கும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அதனால் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, முந்தைய டி அலை முடிந்து அடுத்த துடிப்பின் முதல் சின்ன அலையான பி அலை தொடங்கும் வரையுள்ள கோட்டைத் தளமாக வைத்து ஒப்பிட வேண்டும். நான் சொன்ன அந்த 34 வயதுக்காரரின் தாளில் லீட் இரண்டில் எஸ்டி 2 மில்லிமீட்டர் ஏறியிருந்தது, லீட் மூன்றில் 1 மில்லிமீட்டர், ஏவிஎல்லில் தாழ்வு எதுவும் இல்லை. இதயத்தின் கீழ்ப்பக்கத்து மாரடைப்பாக இருந்தால் பெரும்பாலும் லீட் மூன்று இரண்டை மிஞ்சும், ஏவிஎல் தாழும்.

இளம் ஆண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நோயும் இல்லாமலே சிலருக்கு எஸ்டி இப்படித்தான் உயர்ந்திருக்கும். அப்போது வி6 என்ற லீடைப் பார்ப்போம். எஸ்டியின் உயரம் டி அலையின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தால் அழற்சி என்ற பக்கம் சாயும். இவருக்கு எஸ்டி 1.5, டி அலை 4. வகுத்தால் 0.375 வரும், கால் பங்கைத் தாண்டிவிட்டது.

ஈசிஜி ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. எஸ்டி சில நாளில் கீழே வந்து தளத்தைத் தொடும், பிறகு டி அலை தலைகீழாகும், வாரங்கள் கழித்து அதுவும் நேராகும். எல்லோருக்கும் எல்லாப் படியும் வராது, கணிசமான ஆட்களுக்கு ஈசிஜி மாறாமலேயும் இருக்கும். அதனால்தான் நோயை உறுதி செய்ய நான்கில் இரண்டு கேட்கிறார்கள். அந்த மாதிரி வலி, உராய்வுச் சத்தம், ஈசிஜி மாற்றம், எக்கோ என்ற இதய ஸ்கேனில் உறைக்குள் புதிதாகத் தெரியும் நீர். உங்கள் தம்பியின் தலைகீழான டி அலையை ஒரு மாதம் கழித்து வேறொருவர் பார்த்து மறுபடி அட்டாக் என்று சொல்லலாம், ஆகவே முதல் நாள் ஈசிஜியின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிளினிக் கொப்பியோடு சேர்த்து. ஈசிஜித் தாள் சில மாதத்தில் மங்கிவிடும், போட்டோ பிரதி எடுப்பது நல்லது.

இந்த வித்தியாசத்துக்காக நாங்கள் இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஒரு காரணம் உண்டு. குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்கும் வசதி பக்கத்தில் இல்லாத ஆஸ்பத்திரிகளில் மாரடைப்புக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள், அது உயிர் காக்கும் ஊசி. அதையே அழற்சி வந்த உறைக்குப் போட்டுவிட்டால் உறைக்குள் இரத்தம் கசிந்து இதயத்தையே நெருக்கிவிடலாம். அதனால் சந்தேகமான தாளை 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்போம், மாரடைப்பு என்றால் அதற்குள் தாள் மாறிக்கொண்டே போகும். எக்கோவில் இதயச் சுவர் எல்லா இடமும் ஒழுங்காக அசைகிறதா என்று பார்ப்போம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் கொஞ்சம் ஏறியிருந்தாலே அட்டாக் என்று அர்த்தமில்லை, உறையை ஒட்டிய தசையிலும் அழற்சி படர்ந்தால் அது ஏறும். உங்கள் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்லிப் பிறகு வேறு சொன்னது தடுமாற்றம் இல்லை. மோசமானதை முதலில் நினைத்து, பார்த்து, ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வயதில், இந்தக் கதையோடு, எக்கோவும் பார்த்துத்தான் சொல்லியிருந்தால் நீங்கள் அட்டாக் பயத்தை இறக்கி வைக்கலாம்.

இப்போது மருந்து. ஐபுபுரோஃபனை நம் ஆட்கள் வலி மாத்திரை என்றே சொல்கிறார்கள், குழப்பத்தின் வேர் அங்கேதான். தலைவலிக்கு 200 அல்லது 400 மில்லிகிராம் ஒருமுறை போடுவது வலிக்காக. இங்கே 600 மில்லிகிராம், எட்டு மணிக்கொரு தடவை, ஒன்று முதல் இரண்டு வாரம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது அழற்சியை அணைக்கும் அளவு. வலி மூன்று நான்கு நாளில் போய்விடும், அழற்சி அவ்வளவு சீக்கிரம் போகாது. அடுப்பில் தீ அணைந்த பிறகும் சாம்பலுக்கு அடியில் கங்கு கிடக்கிற மாதிரி.

கங்கு கிடக்கிறதா என்று காட்டுவது சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை. நம் சாக்குத் தூக்கும் நண்பருக்கு வந்த அன்று 86. ஆறாம் நாள் வலியே இல்லை, ஆனால் சிஆர்பி 31. ஒன்பதாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, தேர் இழுக்கப் போனார். பதினெட்டாம் நாள் அதே தலகாணியோடு திரும்பி வந்தார், இம்முறை எக்கோவில் உறைக்குள் கொஞ்சம் நீரும் தெரிந்தது. தேர் இழுத்ததுதான் காரணம் என்று ஊரில் பேசினார்கள். என் கணிப்பில் பெரிய பங்கு நிறுத்திய மாத்திரைக்கு, அதோடு உடம்பை வருத்தியதும் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் தடவை முழுசாகச் செய்தார். ஐபுபுரோஃபன் ஒரு நாளைக்கு 1800 மில்லிகிராம் இரண்டு வாரம், சாப்பாட்டுக்குப் பிறகு. வயிற்றைக் காக்க ஓமெப்ரசோல், காலையில் சாப்பாட்டுக்கு முன். சிஆர்பி 4க்கு இறங்கிய பிறகுதான் குறைக்கத் தொடங்கினோம், வாரத்துக்கு 400 மில்லிகிராம் வீதம், 1400, 1000, 600 என்று இறங்கி நிறுத்தம். ஒரே நாளில் நிறுத்தினால் திரும்பி வரும் வாய்ப்புக் கூடும் என்பதால்தான் இந்தப் படிப்படியான இறக்கம். குறைக்கும்போது வலி எட்டிப் பார்த்தால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். சிலருக்கு ஐபுபுரோஃபனுக்குப் பதில் அஸ்பிரினை அதிக அளவில், 750 முதல் 1000 மில்லிகிராம் வரை மூன்று வேளை தருவோம், முக்கியமாக ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு.

கொல்ச்சிசின் வேறு வேலை செய்கிறது. அது கவுட் நோய்க்கான பழைய மருந்துதான், ஆனால் அழற்சி நடக்கும் இடத்துக்கு வெள்ளணுக்கள் ஓடிவந்து சேர்வதைத் தடுக்கிறது. 2013இல் வெளியான ஒரு இத்தாலிய ஆய்வில் முதல் தடவை இந்த நோய் வந்த 240 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் வழக்கமான அழற்சி எதிர்ப்பு மருந்து கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் மூன்று மாதம் கொல்ச்சிசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோய் விடாமல் தொடர்ந்தது அல்லது திரும்பி வந்தது கொல்ச்சிசின் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கு, எடுக்காதவர்களில் 37, 38 பேருக்கு. மூன்று மாதம் என்று சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான். தம்பி 70 கிலோவுக்குக் கீழே இருப்பதால் ஒரு நாளைக்கு 0.5 மில்லிகிராம் ஒருமுறை, அதற்கு மேல் எடை உள்ளவர்களுக்கு இரண்டுமுறை. துண்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கிளினிக்கில் கேளுங்கள், காரணம் இருக்கக்கூடும்.

கொல்ச்சிசினால் வயிற்றோட்டம் வரலாம். வந்தால் தானாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், அளவைக் குறைத்தால் பலருக்குச் சரியாகிவிடும். நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. இந்த மூன்று மாதத்தில் இருமல் என்று வேறொரு டாக்டரிடம் போய், அவர் கிளாரித்ரோமைசின் எழுதிவிட்டால், அது கொல்ச்சிசினை உடம்பில் தேங்கவிட்டு நஞ்சாக்கிவிடும். எங்கே போனாலும் மாத்திரைப் பையைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். ஐபுபுரோஃபனோடு மூட்டு வலிக்கு, பல் வலிக்கு என்று டைக்ளோஃபெனாக் சேர்ப்பதும் கூடாது, இரண்டும் ஒரே குடும்பம், வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரும். தேவைப்பட்டால் பனடோல் போடலாம்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை இருக்கிறது. காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபன் வேண்டாம், பனடோல் மட்டும் என்று டெங்குவுக்காகச் சொல்கிறோமே, அது சரியான அறிவுரை. அதனால்தான் காய்ச்சலோடு வந்தவருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் இரத்தத் தட்டணுக்களைப் பார்க்கிறோம். நுவரெலியாக் குளிரில் டெங்கு குறைவு என்றாலும் கொழும்பில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு வீட்டுக்கு வருபவர்கள் எத்தனை பேர். ஆகவே தம்பிக்கு மாத்திரை குடிக்கும் காலத்தில் புதிதாகக் கடும் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஐபுபுரோஃபனைத் தொடரலாமா என்று கேட்க வேண்டும். இதே காரணத்துக்காகத் தம்பியின் மாத்திரையை நெஞ்சு வலி என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட் இரண்டே நாளில் அற்புதமாக வலியை எடுத்துவிடும், அதனால் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. முதல் மருந்தாக அதைப் பயன்படுத்தினால் நோய் திரும்பி வருவது கூடுகிறது. அதோடு நம் பக்கம் காசநோயும் இதய உறையைப் பிடிக்கும். அது தெரியாமல் ஸ்டீரொயிட் மட்டும் கொடுத்தால் காசநோய் பரவ வழிவிட்டதாகிவிடும். வலி திடீரென்று வராமல் வாரக்கணக்கில் மெதுவாக வந்திருந்தால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் நின்றால், எடை குறைந்து மாலைக் காய்ச்சலும் இருமலும் இருந்தால், எக்கோவில் நீர் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், ஒரு வாரம் ஒழுங்காக மாத்திரை குடித்தும் கேட்காவிட்டால், இது சாதாரண வைரஸ் வகை இல்லை என்று நினைத்து வார்டில் வைத்துத் தேட வேண்டும்.

அவசரமாக ஓட வேண்டிய அடையாளங்களும் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்தும் மூச்சு வாங்குவது, எழுந்தால் தலை சுற்றி விழப்போவது, கழுத்து நரம்பு புடைத்துத் தெரிவது, கைகால் சில்லென்று ஆவது. உறைக்குள் நீர் கூடி இதயத்தை விரியவிடாமல் நெருக்கினால் இப்படி வரும், ஊசி போட்டு அந்த நீரை வடிக்க வேண்டிய நிலை அது. வலி குறைந்து மூச்சு மட்டும் வாங்கினால் அதைக் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீர் சேர்ந்து இரண்டு படலமும் விலகினால் உராய்வு நின்று வலி குறையலாம்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தோட்டத்தில் அதுதான் கஷ்டமான பகுதி, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. வலி போய், சிஆர்பியும் ஈசிஜியும் சரியாகும்வரை, குறைந்தது ஒரு மாதமாவது சாக்குத் தூக்கல், மலை ஏறி இறங்கும் வேலை, பந்து விளையாட்டு எதுவும் வேண்டாம். மெதுவாக நடக்கலாம். தசையிலும் அழற்சி இருந்ததாகச் சொல்லியிருந்தால் இன்னும் நீளும். மருத்துவச் சான்றிதழில் பாரம் தூக்கக் கூடாது என்று தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள், வெறும் ஓய்வு என்று எழுதினால் துரைமார் ஐந்தாறு நாளில் கூப்பிட்டுவிடுவார்கள். நம் நண்பரை ஒன்றரை மாதம் தொழிற்சாலையில் இலை பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போட்டார்கள், மூன்று மாதக் கொல்ச்சிசினை முடித்துத்தான் மறுபடி லொறிக்குப் போனார். தம்பிக்கு அடுத்த கிளினிக் நாளுக்கு முன்னால் சிஆர்பி எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறதா என்று துண்டைப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே கேளுங்கள், ஐபுபுரோஃபனை எப்போது இறக்கத் தொடங்குவது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.